காமாலை என்னும் சொல்லும் பேறுகாலக் கல்லீரல் அழற்சியும்

காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று. ஒரு நோய்க்குறியின் பெயர். வடமொழிச் சொல்லான 'காமலா' தமிழில் காமாலையாகி, பின்னர் 'மஞ்சள்' என்னும் அடையும் பெற்று மஞ்சள் காமாலை என வழங்குகிறது. முதிர்ந்த சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அதனைப் பித்தநீர் வழியாக வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அவ்வேலை தடைபட்டால் நிறப்பொருள் குருதியில் தேங்கி, முதலில் வெண்விழியில் தெரிகிறது; சிறுநீரும் கருமஞ்சளாகிறது. தடைக்குக் காரணம் கிருமியாக இருக்கலாம், பித்தக்கல்லாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் நாம் இட்ட பெயர் ஒன்றே. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்பழக்கம் உயிரையே பறிக்கக்கூடிய ஓரிடம் உண்டு. கருவுற்றிருக்கும் பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில், ஹெபடைட்டிஸ் ஈ என்னும் தீநுண்மியால் வரும் காமாலையே அது. இங்கு 'ஈ' என்பது வரிசைக்காக இட்ட ஆங்கில எழுத்தின் பெயர். ஈ என்னும் பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்நோய் பரவுவது பெரும்பாலும் கழிவுநீர் கலந்த குடிநீரால்.

1978ஆம் ஆண்டு காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் காமாலை பெருவாரியாகப் பரவியது. அதனை ஆராய்ந்தவர் மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ. நோயாளிகளின் குருதியைச் சோதித்தபோது அது அன்று அறியப்பட்டிருந்த ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என்பது புலனாயிற்று. 1981இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 208 கர்ப்பிணிகளுள் 36 பேருக்கு நோய் கண்டிருந்தது. அதாவது நூற்றுக்கு 17 பேர். கருவுறாத பெண்களிடையே இவ்வளவு நூற்றுக்கு 2 மட்டுமே. அந்த 36 பேருள் 8 பேருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது. நோய் கண்ட கருவுறாத பெண்களுள் ஒருவருக்கும் அவ்வாறு நேரவில்லை. பின்னர் வந்த கணிப்புகளும் இதே திசையைக் காட்டின. கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்ட பெண்களுள் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மற்றவர்களிடம் இதே நோய் சில வாரங்களில் தானே தணிந்துவிடும்.

கருவுற்ற காலத்தில் இது ஏன் இவ்வளவு கொடியதாகிறது? இயக்குநீர்களின் மாற்றமும் நோயெதிர்ப்பின் மாற்றமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தீநுண்மியின் வகையும் ஒரு காரணம். தெற்காசியாவில் நீர்வழிப் பரவும் முதலாம் மரபுவகையே கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்குவது. பன்றியிறைச்சி வழியாகப் பரவும் மூன்றாம், நான்காம் வகைகளால் அத்தகைய கொடுமை பொதுவாக நேர்வதில்லை.

நோயின் போக்கைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவர். முதல் மூன்று நாள் இளங்காய்ச்சல், குமட்டல், உணவில் வெறுப்பு. கருவுற்றவருக்கு இவை இயல்பு என்று வீட்டார் கருதுகிறார்கள். நான்காம் நாள் சிறுநீர் கருமஞ்சள். ஆறாம் நாள் விழி மஞ்சள். எட்டாம் நாள் அவர் பகலெல்லாம் உறங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார், கேட்டதற்கு மாறி விடையளிக்கிறார். வீட்டார் இதனைக் களைப்பு என்கிறார்கள். மருத்துவர் இதனையே அபாய மணியாகக் கொள்வார். கல்லீரல் நீக்கவேண்டிய அம்மோனியா முதலான நச்சுப்பொருள்கள் மூளையை எட்டிவிட்டன என்பதற்கு இது அடையாளம். விழி மஞ்சளானதற்கும் மனம் தடுமாறுவதற்கும் இடையே இந்நோயில் சில நாள்களே இருக்கும். அடுத்த நிலை மூளை வீக்கமும் நினைவிழப்பும். ஆகவே, மனத்தடுமாற்றம் வரும்வரை காத்திராமல், விழி மஞ்சளான அன்றே மருத்துவமனையை அடைவது முறை.

அங்கு முதலில் பார்க்கப்படுவது பிலிருபின் அளவைவிடக் குருதி உறையும் நேரமே. உறைதலுக்கு வேண்டிய புரதங்களைக் கல்லீரல் ஆக்குகிறது. அவற்றுள் ஒன்றன் வாழ்நாள் சில மணி நேரமே. ஆகவே கல்லீரல் தளர்ந்தால் உறைநேரம் விரைவில் நீளும். அந்நீட்சியை ஐ.என்.ஆர். என்னும் விகிதத்தால் குறிப்பர். இயல்பில் அது ஏறத்தாழ 1, அது 1.5ஐத் தாண்டி மனத்தடுமாற்றமும் சேர்ந்தால் கல்லீரல் செயலிழப்பு என முடிவு செய்வர். வைட்டமின் கே குறைந்தாலும் உறைநேரம் நீளும். எனவே அதனை ஊசியாகச் செலுத்திப் பார்ப்பர். நேரம் சரியானால் கல்லீரலுக்கு ஆக்கும் திறன் எஞ்சியிருக்கிறது. சரியாகாவிட்டால் அத்திறன் குன்றிவிட்டது. இவ்வளவு அக்கறை எதற்கென்றால், மகப்பேற்றின்போது உறையாத குருதி பெருக்கெடுத்து ஓடும். தாய்க்குக் குருதிக்கசிவும் குழந்தைக்குக் கருப்பையிலேயே இறப்பும் நேரும் அபாயம் உண்டு. பேற்றுவலி தொடங்குமுன் குருதி வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் அவர் இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது காரணமும் உண்டு. கடைசி மூன்று மாதங்களில் காமாலை கண்டால் அதற்கு மூலமாக வேறு நோய்களும் இருக்கலாம். கருவுற்றவர்க்கே உரிய கல்லீரற் கொழுப்பேற்றம் அவற்றுள் ஒன்று. அதில் இரத்தச் சர்க்கரை வீழும், கல்லீரல் நொதிகளின் அளவு ஓரளவே உயரும். ஹெபடைட்டிஸ் ஈயில் அவ்வளவு பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் ஏறும். கொழுப்பேற்றத்திற்கு மருத்துவமே குழந்தையை விரைந்து பிறக்கச் செய்வதுதான். ஹெபடைட்டிஸ் ஈயிலோ குழந்தையை முன்கூட்டிப் பிறக்கவைப்பதால் தாயின் நோய் தணியும் என்பதற்குச் சான்றில்லை. உறையாத குருதியோடு அறுவை செய்வது கேட்டையும் விளைவிக்கலாம். ஒரே மஞ்சள் விழி, எதிரெதிரான இரு முடிவுகள். குருதியில் தீநுண்மிக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை இங்கே வழிகாட்டுகிறது.

ஹெபடைட்டிஸ் ஈயை ஒழிக்கும் மருந்தாகக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத்தக்கது எதுவும் இல்லை. வேறு நோயாளிகளுக்குத் தரப்படும் ரிபாவிரின் கருவைக் கெடுக்கும். சர்க்கரையைக் காத்தல், குருதிக்கசிவை எதிர்கொள்ளல், மூளை வீக்கத்தைக் கண்காணித்தல் ஆகியவையே சிகிச்சை. நேரம் தவறினால் இவையும் பயன் தாரா.

இனி, கீழாநெல்லிக்கு வருவோம். அதனை உண்டு காமாலை நீங்கியவர் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏ வகையும் ஈ வகையும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமே நீங்குபவை. மூலிகை உண்ட வாரமும் நோய் தணிந்த வாரமும் ஒன்றானதால் புகழ் மூலிகைக்குச் சேர்ந்தது. தாமே நீங்கும் நோய்க்கு அது கேடு செய்யாதிருக்கலாம். கர்ப்பிணிக்கோ, 'ஒரு வாரம் பார்ப்போம்' என்னும் அந்த ஒரு வாரமே உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம்.

நோய்க்கிருமி உடலுள் புகுந்து 2 முதல் 10 வாரங்கள் கழித்தே நோய் வெளிப்படும். ஆகவே இந்தியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ சென்று திரும்பிய கர்ப்பிணி ஒருவர் இங்கு வந்தபின் காமாலை கண்டால், அப்பயணத்தை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அத்தகைய இடங்களில் நீரை நன்கு கொதிக்கவைத்துக் குடித்தலே எளிய காப்பு. 2011இல் சீனாவில் உரிமம் பெற்ற தடுப்பூசி ஒன்று உண்டெனினும், எல்லா நாடுகளிலும் அது கிடைப்பதில்லை. ஒரு வீட்டில் ஒருவர், 'எனக்குக் காமாலை போலும்' என்று சொன்னால், 'எத்தனை மாதம்?' என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும். ஏழைத் தாண்டிய விடை வந்தால் அடுத்த சொல் 'மருத்துவமனை' என்பதாக இருக்கட்டும்.