ஃப்ரிட்ஜின் ஒரு நாள் கோடு

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தால் அந்த நொடியின் குளிர் தெரியும். நள்ளிரவில் கரண்ட் போனபோது உள்ளே எவ்வளவு சூடேறியது என்பது தெரியாது. வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு குறித்துவைத்தால்தான் அது தெரியவரும். நாளுக்கு 1,440 அளவுகள். இப்படி நேரவாரியாகச் சேரும் எண்களுக்கென்றே உள்ளவை டைம் சீரிஸ் தரவுத்தளங்கள். இன்ஃப்ளக்ஸ்டிபி அவற்றில் ஒன்று. அதிலிருந்து எண்களை எடுத்து வரைபடம் போடும் டாஷ்போர்டு கிராஃபனா.

அளப்பதற்கு டிஎஸ்18பி20 என்ற சென்சார் போதும். ஸ்டீல் மூடியிட்ட, தண்ணீர் புகாத வகை ஃப்ரிட்ஜுக்குப் பொருத்தம். ராஸ்பெர்ரி பை போர்டோடு இணைத்தால், `t=4812` என்பதுபோல் ஒரு எண் கிடைக்கும். ஆயிரத்தால் வகுத்தால் 4.8 டிகிரி. சிறு நிரல் ஒன்று அதைத் தரவுத்தளத்துக்கு ஒற்றை வரியாக அனுப்பும்:

```
fridge,place=shelf temp=4.8
```

நேரம் தராவிட்டால் தரவுத்தளமே தன் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும்.

சென்சாரைத் தட்டின்மேல் சும்மா வைத்தால், கம்ப்ரஸர் ஓடி நிற்பதற்கேற்பக் கோடு ரம்பப் பல்போல ஏறி இறங்கும். கதவைத் திறந்தாலும் துள்ளும். அது காற்றின் வெப்பநிலை. பாலின் நிலை தெரிய வேண்டுமென்றால், தண்ணீர் நிறைந்த பாட்டிலுக்குள் சென்சாரை மூழ்கவிட வேண்டும். கோடு நிதானமாக அசையும்.

கோட்டில் திடீரென்று சரியாக 85 டிகிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். மின்சாரம் வந்ததும் சென்சாருக்குள் இருக்கும் தொடக்க மதிப்பு அது. அளந்து முடிக்குமுன் படித்தால் அதுதான் வரும். ஃப்ரிட்ஜில் 85 வர வாய்ப்பே இல்லை என்பதால் நிரலிலேயே அதைத் தள்ளிவிடலாம். அடிக்கடி வந்தால் ஒயரையும் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

இதைவிட ஏமாற்றுவது சராசரி. ஒரு மாதத்தைத் திரையில் விரித்தால் அத்தனை புள்ளிகளுக்கும் இடமிருக்காது. அதனால் மணிக்கு ஒரு சராசரி என்று சுருக்குவது வழக்கம். ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் 4 டிகிரியும் 20 நிமிடம் 10 டிகிரியும் இருந்தால் வரைபடம் 6 என்று காட்டும். 10 தொட்டது மறைந்துபோகும். அதனால் சராசரிக் கோட்டோடு `max` கோட்டையும் வரைவது நல்லது.

கரண்ட் போனால் போர்டும் அணைந்துவிடும். வேண்டிய நேரத்தில்தான் பதிவு இருக்காது. பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டரில் இருப்பதில்லை. ஆனால் போர்டையும் ரவுட்டரையும் அதில் மாட்டலாம். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அணைந்து எழுந்தபின் இணையத்தைத் தொடும்வரை நேரம் பின்தங்கியே இருக்கும். அதுவரை வரும் அளவுகள் பழைய நேரத்தில் போய் உட்காரும். கடிகாரம் சரியான பிறகே நிரல் எழுதத் தொடங்கும்படி வைத்துவிட்டால், அங்கே கோட்டில் வெறும் இடைவெளி மட்டுமே விழும்.