கீசருக்கு டைம் டேபிள்: மதியக் கரண்ட்டில் ராத்திரிக் குளியல்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் வேலை செய்யும் ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியருடன் உரையாடல்.)

தொகுப்பாளர்: "கீசரை டைமர்ல போட்டா கரண்ட் பில் குறையுமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அண்ணா, குறையுமா குறையாதா?

இன்ஜினியர்: அதுக்கு முன்னாடி உங்க பில்லைப் பாருங்கம்மா. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு ரேட், அடுத்த 100-க்கு ஒரு ரேட்னு ஸ்லாப் மட்டும் இருந்தா, நீங்க மதியம் 2 மணிக்குப் போட்டாலும் ராத்திரி 8 மணிக்குப் போட்டாலும் யூனிட் விலை ஒண்ணுதான். நேரத்தை மாத்துறதுல ஒரு பைசா லாபம் கிடையாது. நேரவாரியா யூனிட்டைப் பிரிச்சு எழுதற ஸ்மார்ட் மீட்டரும், அதுக்கான கட்டணமும் வந்த பிறகுதான் இந்தக் கணக்கே ஆரம்பிக்குது.

தொகுப்பாளர்: அந்தக் கட்டணம் எப்படி இருக்கும்?

இன்ஜினியர்: மத்திய அரசு 2023 ஜூன்ல மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்துச்சு. விவசாயம் தவிர மத்த எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள்ள நேரவாரிக் கட்டணம் வரணும்னு அதுல இருக்கு. சூரிய மின்சாரம் நிறைய கிடைக்கிற பகல் 8 மணி நேரத்துக்கு யூனிட் விலை குறைஞ்சது 20 சதவீதம் கம்மியா இருக்கணும். உச்ச நேரத்துல வீடுகளுக்குக் குறைஞ்சது 10 சதவீதம் கூட. எந்த மணி எதுன்னு முடிவு பண்றது ஒழுங்குமுறை ஆணையம். நமக்கு அது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவா இருக்கிற ஆணையம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, இந்தக் கழிவு யூனிட் விலையில மட்டும்தான். நிலைக் கட்டணம் அப்படியேதான் இருக்கும்.

தொகுப்பாளர்: பாண்டிச்சேரியில பாதிப் பேருக்கு பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்காங்க. அங்க இது ரொம்ப நாளா இருக்குன்னு சொல்றாங்களே?

இன்ஜினியர்: 1960-கள்ல இருந்தே இருக்கு. மலிவு நேரத்துக்கு அங்க "ஓர் க்ரூஸ்"னு பேரு. பெரிய தண்ணி டேங்க் ராத்திரி சூடாகும், காலையில குளிப்பாங்க. ஆனா வீட்டுக்காரர் டைமர் எதுவும் வைக்கிறதில்ல. மின் கம்பி வழியாவே 175 ஹெர்ட்ஸ்ல ஒரு சிக்னல் வரும், அதைக் கேட்டு ஒரு காண்டாக்டர் ஹீட்டரை ஆன் பண்ணும். இப்போ புது மீட்டரே அந்த வேலையைச் செய்யுது. சோலார் பெருகினதால 2025 நவம்பர்ல இருந்து மலிவு நேரத்துல ஒரு பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமா மதியத்துக்கு மாத்திட்டு வர்றாங்க. மீட்டரோட இணைஞ்ச ஹீட்டர் தானா மாறிக்கும். தனி டைமர் வச்சிருக்கவங்க கையால மாத்தலைன்னா, பழைய நேரத்துலயே ஓடி விலை ஏறின கரண்ட்டைக் குடிக்கும். நம்ம ஊர்ல நாம வைக்கப்போறது இந்த ரெண்டாவது வகைதான்.

தொகுப்பாளர்: சரி, ஒரு வீட்டை எடுத்துக் கணக்கு போடலாமா?

இன்ஜினியர்: 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட். குழாய்த் தண்ணி 28 டிகிரி, தெர்மோஸ்டாட் 60-ல. ஒரு முறை முழுசா சூடாக 0.93 யூனிட், கிட்டத்தட்ட அரை மணி நேரம். அடிப்படை விலை 7 ரூபாய்னு வச்சுக்குவோம். அப்போ மலிவு நேரத்துல 5.60, உச்ச நேரத்துல 7.70. மலிவு நேரம் சாயந்தரம் 5 மணிக்கு முடியுது, உச்சம் 6-லிருந்து 10 வரைன்னு வைங்க.

அடுத்து, டேங்க் எவ்வளவு வேகமா ஆறும்னு தெரியணும். ஸ்டார் ஸ்டிக்கர்லயே அது இருக்கு. தண்ணி சுத்தியிருக்கிறதைவிட 45 டிகிரி சூடா இருந்தா 24 மணி நேரத்துல எத்தனை யூனிட் வீணாகும்ங்கிற எண். நம்மளோடது 0.6-னு வைப்போம்.

ராத்திரி 8 மணிக்குக் குளிக்கிறவர் சாயந்தரம் 5 மணிக்குள்ள சூடாக்கி முடிச்சா, 3 மணி நேரத்துல 60 டிகிரி 58 ஆகும். செலவு 5 ரூபாய் 20 காசு. அதே 58 டிகிரியை ராத்திரி உச்ச நேரத்துல எடுத்தா 6 ரூபாய் 70 காசு. ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய், மாசம் 45 ரூபாய்.

தொகுப்பாளர்: காலையில குளிக்கிறவங்களுக்கு?

இன்ஜினியர்: இங்கதான் பல பேர் ஏமாந்து போறாங்க. மதியம் 2.30-க்கு சூடாக்கி மறுநாள் காலை 6.30 வரை வச்சா 16 மணி நேரம். தண்ணி 51 டிகிரி சுமாருக்கு இறங்கிடும். செலவழிச்சது அதே 5.20. ஆனா காலையில சாதா விலையில அந்த 51 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினா ஏறக்குறைய 4.80-தான் ஆகும். மலிவா வாங்கின கரண்ட் டேங்க் சுவர் வழியா வெளியேறிப் போயிடுச்சு. காலைக் குளியலுக்கு, குளிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுறதுதான் சரி. குளியலுக்கும் மலிவு நேரத்துக்கும் இடைவெளி கம்மியா இருந்தாத்தான் லாபம். அதனாலதான் மலிவு நேரம் தொடங்கினதும் போடாம, அது முடியப் போற 4.15-க்குப் போடச் சொல்றேன்.

தொகுப்பாளர்: டைமரை 4.15-க்கு ஆன் பண்ணிட்டா வேலை முடிஞ்சதா?

இன்ஜினியர்: முடியல. 5 மணிக்கு ஆஃப் ஆகணும், அதுதான் முக்கியம். ஆஃப் பண்ணாம விட்டா, நீங்க ராத்திரி வெந்நீர் எடுக்க எடுக்க டேங்க்ல பச்சைத் தண்ணி நுழையும், தெர்மோஸ்டாட் உடனே ஹீட்டரைப் போட்டுடும். உச்ச விலையில மறுபடியும் சூடாக்குது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. குளிச்சிட்டு வந்ததும் கீசர் மேல சிவப்பு விளக்கு எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா உங்க டைமர் வேலை செய்யலைன்னு அர்த்தம். பக்கெட்ல கலந்து குளிச்சா 25 லிட்டர் டேங்க் ரெண்டு மூணு பேருக்குத்தான் வரும். வீட்ல நாலு பேருன்னா ஒருத்தர் சாயந்தரமே குளிக்கணும், இல்லைன்னா கடைசி ஆளுக்கு உச்ச விலையிலதான் வெந்நீர்.

தொகுப்பாளர்: ஆன்லைன்ல கிடைக்கிற ஸ்மார்ட் பிளக் போதுமா?

இன்ஜினியர்: 2 கிலோவாட்னா 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதுவும் அரை மணி நேரம் விடாம. 10 ஆம்பியர் பிளக் அதோட விளிம்புல ஓடும். 16 ஆம்பியர் வாங்குங்க. முதல் நாள் சூடாகி முடிச்சதும் ஸ்விட்சை அணைச்சிட்டு, பிளக்கோட வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, கருகின வாசனை, இதுல எது இருந்தாலும் தொடர்பு தளர்வா இருக்கு. கடற்காத்துல டெர்மினல் துருப்பிடிக்கிறதால நம்ம ஊர்ல இதைக் கூடுதலா கவனிக்கணும். எலக்ட்ரீஷியனை வச்சு போர்டுல காண்டாக்டரோட டைமர் போடுறது இன்னும் நல்லது.

கரண்ட் போய்ட்டு வந்தா என்ன ஆகும்னும் பாருங்க. முள் சுத்துற பழைய டைமர் கரண்ட் போன நேரம் முழுக்க நின்னுடும். ஒரு மணி நேரக் கட்டுக்கு அப்புறம் உங்க 4.15 நிஜத்துல 5.15. ஸ்மார்ட் பிளக்ல கரண்ட் திரும்பினதும் ஆஃப்லயே இருக்கற மாதிரி செட்டிங் வைங்க. ராத்திரி 7 மணிக்குக் கரண்ட் வந்து கீசர் தானா எரிஞ்சா அந்த நாள் சேமிப்பு போச்சு.

தொகுப்பாளர்: 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வச்சிருக்கவங்க?

இன்ஜினியர்: அதுல சேர்த்து வைக்க இடமே இல்லம்மா, திறந்தா சூடாகும், அவ்வளவுதான். அவங்க வாஷிங் மெஷினை மதியத்துக்கு மாத்தட்டும். துணி ஆறிப்போகாது.