அபராதத் தொகைக்கு மேலே இருக்கும் வரிகள்

இ-சலான் வந்ததும் பெரும்பாலோர் கண் நேராகத் தொகைக்குப் போகிறது. ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலைத்துவிடலாம் என்று கட்டியும் விடுகிறார்கள். ஆனால் அந்தத் தொகையைக் கட்டுவது, குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்வதற்குச் சமம். பிற்பாடு படத்தைப் பார்த்து, இது என் வண்டியே இல்லை என்று சொன்னால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஆகவே தொகைக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மதுரையில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சென்னையிலிருந்து இ-சலான் வருவதாக வைத்துக்கொள்வோம். ஹெல்மெட் அணியவில்லை, அபராதம் 1,000 ரூபாய் என்று குறுஞ்செய்தி சொல்கிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தச் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல் இருப்பது. சலான் என்ற பெயரில் போலி இணைப்புகளும், செல்பேசியில் நிறுவச் சொல்லும் கோப்புகளும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அரசு எந்தச் சலானையும் நிறுவ வேண்டிய கோப்பாக அனுப்புவதில்லை. echallan.parivahan.gov.in என்ற முகவரியைத் தானே தட்டச்சு செய்து, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்துத் தேட வேண்டும். வண்டி எண்ணைக் கொடுத்தால் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களும் கேட்கப்படும். அவை ஆர்சி புத்தகத்தில் இருக்கும். அந்தத் தளத்தில் இல்லாத சலானை நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டில் சலான் அங்கே இருக்கிறது. குற்றம் என்ற இடத்தில் 129, 194டி என்று இரண்டு எண்கள் உள்ளன. இவை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவுகள். இரண்டு எண்கள் இருப்பதால் இரண்டு குற்றம் என்று பயப்பட வேண்டாம். முதல் எண் மீறப்பட்ட விதி. இரண்டாவது எண் அதற்கான தண்டனை. ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது 129. அணியாவிட்டால் என்ன என்பது 194டி. இதே போல 146, 196 என்றிருந்தால் காப்பீடு இல்லாமல் ஓட்டியது. 112, 183 என்றிருந்தால் வேக வரம்பை மீறியது.

அதிகம் கண்ணில் படும் எண் 177. தனியாகத் தண்டனை சொல்லப்படாத சிறு மீறல்கள் எல்லாம் இந்தப் பிரிவின் கீழ் வந்துவிடும். போக்குவரத்துப் பலகையை மதிக்காமல் ஒருவழிப் பாதையில் நுழைந்தால்கூட 119, 177 என்று போடலாம். முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். தொகை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால், இதை இரண்டாவது குற்றமாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முன்பு ஏதோ ஒரு தவறான சலானைச் சண்டை எதற்கு என்று கட்டிவிட்டவர்கள், அதுவும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று இங்கேதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது தேதி. சலானில் குற்றம் நடந்த நாள் ஒன்று, சலான் போடப்பட்ட நாள் ஒன்று. காவலர் சாலையில் நிறுத்திக் கையடக்கக் கருவியில் போட்டால் இரண்டும் ஒன்றாக இருக்கும். கேமரா பிடித்ததென்றால் இடைவெளி இருக்கும். நம் எடுத்துக்காட்டில் மீறல் மார்ச் 12, மாலை 6.42 மணி, சலான் மார்ச் 19. இது ஒழுங்கான இடைவெளிதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கேமரா மூலம் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது. இரண்டு மாதம் கழித்து வந்த நோட்டீஸ் என்றால் அதை ஒரு ஆட்சேபமாக எழுப்பலாம். இன்னொரு காரணத்துக்காகவும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மார்ச் 12 மாலை அவர் மதுரையில் அலுவலகத்தில் இருந்திருந்தால், அன்றைய வருகைப் பதிவு அவருக்குச் சாட்சி.

எல்லாவற்றிலும் முக்கியமானது படம். அதே 167ஏ விதி, குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம் வேண்டும் என்கிறது. குற்றம் நடந்த நாள், நேரம், இடம், கருவி பதிவு செய்த அளவு, மின்னணுச் சான்று பற்றிய சான்றிதழ் ஆகியவையும் இருக்க வேண்டும். படத்தைச் சிறிய திரையில் பார்த்துவிட்டு விடக் கூடாது. பெரிதாக்கி, எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஆர்சியோடு ஒப்பிட வேண்டும். எண்ணைப் படிப்பது பெரும்பாலும் மென்பொருள். சேறு படிந்த பிளேட்டில், ஸ்டைலாக எழுதிய எண்ணில், 3 என்பது 8 ஆகலாம், B என்பது 8 ஆகலாம். எண் சரியாக இருந்தால் வண்டியின் வகையையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். வேறொருவர் நம் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு திரிந்தால் எண் பொருந்தும், வண்டி பொருந்தாது. அப்படியானால் இணையப் புகாரோடு நிறுத்தாமல் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும். அந்த வண்டி நாளை விபத்திலோ திருட்டிலோ சிக்கினாலும் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான்.

கடைசியாக, குற்றம் படத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னலை மீறியதாகச் சொன்னால் சிவப்பு விளக்கும் நிறுத்தக் கோடும் வண்டியும் சேர்ந்து தெரிய வேண்டும். ஹெல்மெட் என்றால் தலை தெரிய வேண்டும். பின்னால் உட்கார்ந்தவர் அணியாவிட்டாலும் அதே பிரிவுதான் என்பதை மறக்கக் கூடாது.

மதுரைப் பெண் பெரிதாக்கிப் பார்க்கிறார். படத்தில் இருப்பது கறுப்பு பைக்; பிளேட்டின் கடைசி எண் 3. அவருடைய ஸ்கூட்டரின் கடைசி எண் 8. அதே தளத்தில் புகார் பதிவு செய்யும் பகுதியில் சலான் எண், ஆர்சி நகல், தன் வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படங்கள், இரண்டு வரி விளக்கம் ஆகியவற்றைக் கொடுக்கிறார். விளக்கம் இவ்வளவு போதும்: படத்தில் உள்ள எண்ணின் கடைசி இலக்கம் 3, என்னுடையது 8, படத்தில் பைக், என்னுடையது ஸ்கூட்டர். நியாயம் கேட்டு ஒரு பக்கம் எழுதினால், படிக்கும் அதிகாரிக்கு இந்த இரண்டு வரியும் அதில் தொலைந்துபோகும். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, திரையையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

புகார் கொடுத்துவிட்டோம் என்று கெடுவை மறந்துவிடக் கூடாது. நோட்டீஸில் எத்தனை நாள் அல்லது எந்தத் தேதி என்று உள்ளதோ அதுதான் கணக்கு. நண்பருக்கு வந்த சலானின் கெடுவை நம்ப வேண்டாம். குறுஞ்செய்தியை நாம் பார்த்த நாளிலிருந்து கணக்கிடுவதும் தவறு. செய்தி, வண்டிப் பதிவில் உள்ள செல்பேசி எண்ணுக்குத்தான் போகிறது. பழைய எண் அங்கே இருந்தால் கெடு முடிந்தது கூடத் தெரியாது. வண்டியை விற்றுப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கும் இதே கதிதான்: ஓட்டுபவர் வேறு, நோட்டீஸ் வருவது பழைய உரிமையாளருக்கு.

கெடு தாண்டிய சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். அதன் பிறகு தளத்தில் பணம் கட்டும் வழி மூடிக்கொள்ளும். மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் vcourts.gov.in தளத்தில் தேட வேண்டும். அங்கே இரண்டு வழிகள் உண்டு: அபராதத்தைக் கட்டி முடிக்கலாம், அல்லது எதிர்த்து வாதாடுவதாகத் தெரிவிக்கலாம். எதிர்த்தால் வழக்கு அந்தப் பகுதியின் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். சென்னை வழக்குக்காக மதுரையிலிருந்து அலைய நேரிடும் என்பதால்தான், புகாரைக் கெடுவுக்குள் காவல்துறை மட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளப் பாடுபட வேண்டும்.

தவறு நம்முடையதுதான் என்றால் கெடுவுக்குள் கட்டிவிட்டு ரசீதைப் பதிவிறக்கி வைக்க வேண்டும். சில நாள் கழித்து அதே சலானைத் தேடி, Pending என்பது மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வங்கியில் பணம் கழிந்து தளத்தில் ஏறாமல் நிற்பதுண்டு. அப்போது மறுபடி கட்டாமல், பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு நிலையைச் சரிபார்க்க வேண்டும். நிலுவைச் சலான் இருந்தால், வண்டியை விற்கும்போது பெயர் மாற்றம் அங்கேயே தடைபடலாம்.