மறு ஆணைப் புள்ளி

மறு ஆணைப் புள்ளி என்பது, சில்லறைக் கடையில் ஒரு பொருளின் கையிருப்பு எந்த அளவுக்குக் குறையும்போது புதிய கொள்முதல் ஆணை இடவேண்டும் என்பதைக் குறிக்கும் அளவாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 சோப்புகள் விற்கின்றன. ஆணையிட்ட சரக்கு வந்துசேர 5 நாட்கள் ஆகும் எனக் கொள்வோம். அந்நாட்களுக்கு 100 சோப்புகள் தேவை. விற்பனை நாளுக்கு 28 வரை உயரக்கூடுமெனில் 140 தேவைப்படும். கூடுதலான இந்த 40 காப்பு இருப்பு எனப்படும். மறு ஆணைப் புள்ளி 140 ஆகும். விற்பனை உயரும் வேளையில் சரக்கும் தாமதமானால் இக்காப்பு போதாது.

ஒவ்வொரு முறையும் 200 சோப்புகள் வாங்கப்பட்டால், சராசரிக் கையிருப்பு அதில் பாதியான 100 மட்டுமன்று. காப்பு இருப்பையும் சேர்த்து 140 ஆகும். கொள்விலை 30 ரூபாய் எனில், காப்பு இருப்பைச் சேர்க்காத வணிகத் திட்டம் சரக்கில் முடங்கும் பணத்தை 1,200 ரூபாய் குறைத்துக் காட்டும்.