வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் கல்லாவில் யார்?

எஸ்.பி.எம். முடித்த பிறகு நான் கிள்ளானில் ஓர் எழுதுபொருள், நகலெடுப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்டோபர் மாதம் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கணக்குல கெட்டிக்காரன். இனிமே வேலை அட்டவணையை நீயே போடு" என்றார். பெரிய பொறுப்பு என்று மகிழ்ந்தேன். முதல் வெள்ளிக்கிழமையே அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

கடையில் நாங்கள் ஆறு பேர். நகலெடுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பாய், பொருள் அடுக்கும் மலாய் இளைஞர் ஒருவர், முதல் கல்லாவில் இருக்கும் மலாய் அக்கா (எல்லாரும் அவரை 'காக்' என்றே கூப்பிடுவோம்), இரண்டாவது கல்லாவில் நம் தமிழ் அக்கா, என் வயதுச் சீனத் தோழி, நான். கூட்ட நேரத்தில் இரண்டு கல்லாவுக்கு இருவர், இயந்திரத்துக்கு ஒருவர் என்று மூவராவது இருக்க வேண்டும்.

எங்கள் கடையைச் சுற்றி அரசாங்க அலுவலகங்கள். வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கு 12.15 முதல் 2.45 வரை நீண்ட இடைவேளை. தொழுகைக்குப் போகாதவர்கள் அடையாள அட்டை நகல், பாரம், கோப்பு என்று எங்களிடம்தான் வருவார்கள். ஆகவே பாயும் அந்த இளைஞரும் ஜும்ஆவுக்குப் போகும் நேரமும், கடையில் கூட்டம் நெரிக்கும் நேரமும் ஒன்று.

அந்த முதல் வெள்ளிக்கிழமை தமிழ் அக்கா விடுப்பு. முதலாளியம்மா சரக்கு எடுக்கப் போயிருந்தார். பழைய வழக்கப்படி காக்கும் சீனத் தோழியும் 12.30க்குச் சாப்பிடப் போனார்கள். ஒரு மணிக்கு இரண்டு கல்லாவுக்கும் இயந்திரத்துக்கும் நான் ஒருவன்தான். இயந்திரத்தில் தாள் சிக்கியது. எடுக்கத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

அன்று மாலை, தொழுகைக்குப் போனதால்தான் ஆள் குறைந்தது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தாளில் 11 மணி முதல் 4 மணி வரை அரை மணி நேரத்துக்கு ஒரு வரி போட்டேன். ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேர் தேவை, எத்தனை பேர் இருப்பார்கள் என்று எழுதினேன். யாருக்கு எப்போது வேலை என்று ஆளை வைத்து எழுதும்போது தெரியாத ஓட்டை, நேரத்தை வைத்து எழுதினால் தெரிந்துவிடுகிறது. ஆறு பேரில் தொழுகைக்குப் போகிறவர்கள் இருவர். மீதி நால்வர் தாராளம். ஆனால் அந்த நால்வரையும் 12.30க்கு இருவர், 1.30க்கு இருவர் என்று நாங்களே சாப்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லாரும் வேலைக்கு வந்த நாளிலும் மிஞ்சியது இருவர்தான். குறை தொழுகையில் இல்லை, மற்றவர்களின் சாப்பாட்டு நேரத்தில் இருந்தது.

தொழுகை நேரத்தை நகர்த்த முடியாது, சாப்பாட்டை நகர்த்தலாம். தமிழ் அக்காவும் சீனத் தோழியும் 11.30 முதல் 12.30 வரை. காக்கும் நானும், தொழுகைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு 2.30 முதல் 3.30 வரை. நடுவில் நால்வரும் கடையில். மூவர் தேவை, நால்வர் இருக்கிறோம், ஒருவர் கூடுதல். அந்த ஒருவரை வீண் என்று நினைக்காதீர்கள். கழிவறைக்குப் போக, சில்லறை மாற்ற, தாள் சிக்கினால் எடுக்க அந்த ஒருவர் வேண்டும். பின்னால் சாப்பிடும் முறை வாரத்துக்கு வாரம் மாறும். இல்லாவிட்டால் ஒரே ஆள் எப்போதும் பசியோடு நிற்பார்.

இதில் ஓர் எல்லை உண்டு. நம் நாட்டு வேலைச் சட்டம் 1955இன்படி, குறைந்தது 30 நிமிட ஓய்வு தராமல் ஒருவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பத்து மணிக்கு வேலை தொடங்குகிறவர் மூன்று மணிக்குள் ஓய்வெடுக்க வேண்டும். 2.30 சரி, 3.15 என்றால் தவறு. தமிழ் அக்கா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர். "எனக்குச் சாப்பாடே இல்ல, அந்த ஒரு மணி நேரம் எதுக்கு?" என்றார். நானும் ஆசைப்பட்டு அதை அழிக்கப் போனேன். முதலாளியம்மா விடவில்லை. அக்கா இப்போது 11.30க்குப் பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்காருகிறார்.

அட்டவணை ஒட்டிய அன்றே முணுமுணுப்பு வந்தது. "அவங்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரமா?" நியாயமான கேள்விதான். பாயிடம் பேசினேன். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இருவரும் 9.30க்கே வந்து, இயந்திரத்தில் தாள் நிரப்பி, முன்கூட்டியே கேட்ட நகல்களை முடித்து வைப்பதாகச் சொன்னார். 9.30 முதல் 6.30 வரை, நடுவில் ஒன்றரை மணி நேரம் கழித்தால் ஏழரை மணி நேரம். மற்றவர்கள் 10 முதல் 6.30 வரை, ஒரு மணி நேரம் கழித்தால் அதே ஏழரை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். பேச்சு நின்றது.

ஆட்களின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும் புரிந்தது. தாள் சிக்கினால் எடுக்கவும் மைப்பொடி மாற்றவும் பாய்க்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஒரு வாரம் காலையில் சீக்கிரம் வந்து எனக்கும் சீனத் தோழிக்கும் சொல்லிக்கொடுத்தார்.

நான் செய்த இன்னொரு தவறு, கேட்காமலேயே ஊகித்தது. முதல் அட்டவணையில் காக்கையும் ஜும்ஆவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் சிரித்தார். ஜும்ஆ ஆண்களுக்குத்தான் கட்டாயம். அவர் வழக்கமான லுஹர் தொழுகையைத் தன் இடைவேளையில் தொழுதுகொள்வார். மற்ற நாள்களில் லுஹர், அஸர் இரண்டுக்குமே தலைவலி இல்லை. அஸர் நேரம் தொடங்கும்வரை லுஹருக்கு அவகாசம் உண்டு; பத்து, பதினைந்து நிமிடம் போதும். சரக்கறைக் கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டோம். அட்டை திரும்பியிருந்தால் உள்ளே ஒருவர் தொழுகிறார், அடுத்தவர் காத்திருப்பார். மாலையில் முதலாளியம்மா விளக்கேற்றும்போது கல்லாவில் நிற்பது பெரும்பாலும் காக்தான்.

ஜனவரியில் அட்டவணை மறுபடி ஆட்டம் கண்டது. தொழுகைக்கு 12.40க்குக் கிளம்பி 2.10க்குத் திரும்புவது என்று நான் எழுதியிருந்தேன். அவர்களோ இரண்டரையை நெருங்கித்தான் வந்தார்கள். கேட்டால் பாய், "தம்பி, தொழுகை கடிகாரத்தப் பார்த்து இல்ல, சூரியனப் பார்த்து" என்றார். சூரியன் உச்சியைத் தாண்டும் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் வட்டாரத்தில் நவம்பர் தொடக்கத்தில் லுஹர் ஒரு மணி அளவில் நுழைகிறது. பிப்ரவரி நடுவில் ஒன்றரையை ஒட்டி. ஏறக்குறைய அரை மணி நேர வித்தியாசம்.

அதிலிருந்து அட்டவணையில் மணியை எழுதுவதை விட்டேன். "லுஹருக்கு 20 நிமிடம் முன் புறப்பாடு, 70 நிமிடம் பின் கடையில்" என்று எழுதி, மாதத் தொடக்கத்தில் ஜாக்கிமின் இ-சோலாட் பக்கத்தைப் பார்த்து அந்த மாதத்து நேரத்தை நிரப்புகிறேன். பிப்ரவரியில் அவர்கள் கடைக்குத் திரும்ப 2.40 ஆகிவிடும். பின்னால் சாப்பிடும் இருவரின் மூன்று மணி எல்லைக்கு 20 நிமிடம்தான் மிச்சம். பள்ளிவாசலில் நெரிசல் என்றால் அதுவும் போகும். அதனால் 2.50 ஆகியும் அவர்கள் வராவிட்டால், கூடுதலாக இருக்கும் ஒருவர் இல்லாமலே ஒருவரை அனுப்பிவிடுவோம்.

மதியம் கடையில் நிற்கும் நால்வரில் வெள்ளிக்கிழமை ஒருவர்தான் விடுப்பு எடுக்கலாம். அன்று முதலாளியம்மா 12.30 முதல் 2.30 வரை வெளியே போகமாட்டார். எதிர்பாராமல் இரண்டாமவரும் வராவிட்டால் இயந்திரத்தின்மேல் 'நகல் பிற்பகல் 2.45க்கு மேல்' என்று பலகை வைத்துவிட்டு, கல்லாக்களை மட்டும் பார்ப்போம். இதுவரை ஒரே ஒரு முறைதான் வைத்திருக்கிறோம்.

போன வாரம் தமிழ் அக்கா வந்து, மாதம் இரண்டு பிரதோஷத்துக்கும் ஐந்து மணிக்கே கோயிலுக்குக் கிளம்ப வேண்டும் என்றார். அந்த நேரத்தில் அஸர் இருக்கிறது, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரை மணி நேர வரிகளை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.