செல்போன் லாக்: வானம் ஏன் பட்டை பட்டையாகிறது?

2017-ல் எல்ஜி வெளியிட்ட V30 செல்போனிலேயே லாக் வீடியோ எடுக்கும் வசதி இருந்தது. 2020-ல் வந்த ஐபோன் 12-ல் 10 பிட் வீடியோ வந்தது. ஐபோனில் இவை இரண்டும் கம்பெனியின் சொந்த ஏற்பாடாகவே ஒன்று சேர்ந்தது 2023 செப்டம்பரில், 15 ப்ரோ மாடலில். இன்று சாம்சங், விவோ, ஷாவ்மி என்று பலரும் தங்கள் விலை உயர்ந்த செல்போன்களில் இந்த ஜோடியைத் தருகிறார்கள். தான் எடுத்த வீடியோவுக்குத் தானே கலர் கிரேடிங் செய்பவர், இதில் ஒன்று இல்லாமல் மற்றொன்றைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு லாக் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கேமராவின் சென்சார் வெளிச்சத்தை எண்ணிக்கையாக அளக்கிறது. வெளிச்சம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காகும். கேமராக்காரர்கள் இந்த இரண்டு மடங்கு ஏற்றத்தைத்தான் ஒரு ஸ்டாப் என்கிறார்கள். சென்சார் தரும் எண்களை அப்படியே பதிவு செய்தால், இருக்கும் எண்களில் சரிபாதி, மிகப் பிரகாசமான அந்த ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு மிச்சத்தில் பாதி, அதற்கடுத்ததற்கு அதிலும் பாதி. முதல் பந்தியிலேயே பாதிச் சோற்றைப் பரிமாறிவிட்டால் கடைசிப் பந்திக்கு என்ன இருக்கும்? நிழலில் இருக்கும் முகத்துக்கும் அதே கதிதான். லாக் என்பது ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறக்குறைய சம அளவு எண்களை ஒதுக்கும் ஒரு கணக்கு. சினிமா ஃபிலிமை ஸ்கேன் செய்ய கோடாக் நிறுவனம் 1990-களில் சினியான் என்ற முறையைக் கொண்டு வந்தபோதே, லாக்கையும் 10 பிட்டையும் சேர்த்துத்தான் வைத்திருந்தது. செல்போன் உலகம் அதற்கு வந்து சேர முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஆப்பிள் தன் லாக் கணக்கை வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது. அதன்படி, நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் பரப்பு, வேவ்ஃபார்மில் 49 சதவீதத்தில் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஒவ்வொரு ஸ்டாப்பும் சுமார் எட்டரை சதவீத உயரம். இந்த எட்டரை என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாவற்றையும் அதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு மொட்டைமாடி. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நிற்கிறார். பின்னால் மேகமே இல்லாத மாலை வானம். வானத்தின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் வெளிச்சத்தில் அரை ஸ்டாப் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 4கே வீடியோவில் அந்த வானம் மேலிருந்து கீழாக ஆயிரம் பிக்சல் வரிசைகளைப் பிடித்திருக்கிறது. 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 220 படிகள்தான் உண்டு. அதில் எட்டரை சதவீதம் என்றால் ஒரு ஸ்டாப்புக்கு 19 படிகள், அரை ஸ்டாப்புக்கு ஒன்பது அல்லது பத்து. ஆக ஆயிரம் வரிசை வானம் முழுவதும் பத்தே பத்து நிறங்களால் தீட்டப்படுகிறது. ஒவ்வொரு பட்டையும் நூறு வரிசை அகலம்.

கிரேடிங் செய்யாத வரை இது கண்ணுக்குத் தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் லாக் வீடியோ வெளிறிப்போய் இருக்கும். அதைச் சாதாரணத் திரைக்கு ஏற்றபடி விரித்தாக வேண்டும். திரையில் நடுப்பகுதி வெளிச்சத்துக்கு ஒரு ஸ்டாப் என்பது சுமார் 40 படிகள். 19-ஐ 40 ஆக இழுக்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே இரண்டு படி பள்ளம் விழுகிறது. நீலத்தை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கலாம் என்று கை வைத்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். வானம் வரி வரியாகத் தெரிவது இதனால்தான்.

அதே காட்சியை 10 பிட்டில் எடுத்தால் படிகள் நான்கு மடங்கு. அரை ஸ்டாப்புக்குச் சுமார் 37. விரித்த பிறகும் ஒவ்வொரு தாவலும் திரையின் ஒரு படியில் பாதிதான் வரும். கண் பிடிக்காது. முடிந்த வீடியோவை 8 பிட்டில் வெளியிட்டாலும் பரவாயில்லை. இழுத்து முடித்த பிறகு சுருக்குவதால் நஷ்டம் குறைவு. 8 பிட்டில் இழுப்பதில்தான் வம்பு. அந்த நாள் V30 லாக்கை முரட்டுத்தனமாக கிரேடிங் செய்ய முடியாமல் போனதற்கும் இதே கணக்குதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்சம் நாய்ஸ் இருந்தால் பட்டை தெரியாது. புள்ளி புள்ளியாக ஆடும் நாய்ஸ், இரண்டு பட்டைகளின் எல்லையைக் கலைத்துவிடும். ஆனால் நாய்ஸை வழித்தெடுப்பதும், கம்ப்ரஷன் என்ற பெயரில் மிச்சத்தையும் அமுக்குவதும் செல்போன்களின் சுபாவம். அதனால் வழவழப்பான வானம்தான் முதலில் பட்டையாகும். கிரேடிங்கின் கடைசியில் மிக லேசாக கிரெய்ன் சேர்க்கும் பழக்கம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல.

சாதாரண வீடியோவிலிருந்து லாக் வேறுபடும் இன்னொரு இடம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சாதாரண மோடில் செல்போன் ஒவ்வொரு காட்சியையும் பார்த்துத் தானே முடிவெடுக்கும். முகம் இருட்டாக இருந்தால் தூக்கும், வானம் வெளுத்தால் இறக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும். ஒரே ஆளை இரண்டு கோணத்தில் எடுத்தால் இரண்டு விதமான தோல் நிறம் வரும். அது எந்த அளவுக்கு மாற்றியது என்பது நமக்குத் தெரியாது, ஆகவே திருப்பி எடுக்கவும் முடியாது. லாக்கில் கணக்கு ஒன்றே ஒன்றுதான், எல்லாக் காட்சிக்கும் அதுவே. இரண்டு ஷாட்டை ஒன்றுக்கொன்று பொருத்துவது அதனால் எளிதாகிறது.

அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலைதான் நாய்ஸ். செல்போன் மறைத்து வைத்திருந்ததெல்லாம் லாக்கில் வெளியே வரும். இரவுக் கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட்டை நம்பி லாக் எடுப்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டாம், சாதாரண மோடே போதும். லாக் புதிதாக வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. சென்சார் பிடித்ததைப் பத்திரமாக வைக்கும், அவ்வளவுதான்.

மொட்டைமாடிக்குத் திரும்புவோம். எக்ஸ்போஷரை எப்படி வைப்பது? லாக் படத்தைத் திரையில் பார்த்துக் கண்மதிப்பில் வைத்தால் தப்பாகத்தான் போகும். எல்லாமே வெளிறித் தெரிவதால் பயந்து இருட்டாக்கிவிடுவோம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில், பார்ப்பதற்கு மட்டும் லட் போட்டுக்கொள்ளலாம். அந்த லட் பதிவாகும் ஃபைலுக்குள் போகாதபடி செட்டிங்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிச்ச அளவைப் பார்க்க அதிலேயே கருவிகள் இருக்கின்றன. சரியான எக்ஸ்போஷரில் மாநிறத் தோல் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும், வெள்ளை வேட்டி 68-ஐ ஒட்டி இருக்கும். வானம் தாங்கும் என்றால் ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். வேட்டி 77-க்குப் போகும், முகம் 58-க்கு. கிரேடிங்கில் அதே ஒரு ஸ்டாப்பை இறக்கும்போது நிழல்களில் இருந்த நாய்ஸும் சேர்ந்து இறங்கிவிடும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு எல்லை, ஹைலைட் வெட்டுப்படும் இடம். வேவ்ஃபார்மின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக நின்றால் அங்கே விவரம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கோடு நூறு சதவீதத்தில்தான் விழும் என்று நினைக்க வேண்டாம், அதற்குக் கீழேயும் விழலாம்.

ஒயிட் பேலன்ஸை லாக் செய்துவிடுங்கள். (பெயர்ப் பொருத்தம் தற்செயல்; இது பூட்டுவது.) லாக் என்பது ரா அல்ல. ஒயிட் பேலன்ஸ் ஃபைலுக்குள் பதிந்துவிடும். ஷாட்டின் நடுவே அது தானாக நகர்ந்தால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு வெளிச்சத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் மினுமினுப்பு வராது.

இனி ஃபைல் அளவு. ஐபோனின் சொந்த கேமராவில் லாக் வேண்டும் என்றால் ப்ரோரெஸ்ஸில்தான் எடுக்க முடியும். 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. 128 ஜிபி 15 ப்ரோ உள்ளே பதிவு செய்யும்போது 1080-க்கு மேல் அனுமதிக்காததில் ஆச்சரியமில்லை. பெட்டியோடு வரும் யுஎஸ்பி கேபிளும் வேகம் குறைந்தது. வெளியே எஸ்எஸ்டியில் எழுத வேண்டுமானால் விநாடிக்கு 10 கிகாபிட் கேபிள் தனியாக வாங்க வேண்டும். பிளாக்மேஜிக் ஆப்பில் எச்இவிசி-யிலேயே 10 பிட் லாக் எடுக்கலாம், ஃபைல் பல மடங்கு சிறிதாகும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். ஆனால் பிட்ரேட்டைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். லாக்கில் நிழல்கள் ஒன்றோடொன்று நெருங்கி இருப்பதால், அங்கே விவரமே இல்லை என்று நினைத்து என்கோடர் வழித்துவிடும். கிரேடிங்கில் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் களிமண்ணாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிட்ரேட்டைத்தான்.

டாவின்சி ரிசால்வில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு, Input Color Space இடத்தில் Rec.2020, Input Gamma இடத்தில் Apple Log, வெளியே Rec.709, Gamma 2.4 என்று வையுங்கள். எக்ஸ்போஷரையும் நிறத்தையும் சரிசெய்யும் நோட் இதற்கு முன்னால் இருக்க வேண்டும். பலர் லட் போட்டுவிட்டு, அதன் பிறகு வானத்தை இறக்கப் பார்க்கிறார்கள். லட்டிலேயே வெள்ளையாகிவிட்ட வானம் அங்கே வெறும் சாம்பலாகத்தான் இறங்கும். அதே கையை முன்னால் இருக்கும் நோடில் வைத்தால் நீலம் திரும்பி வரும். ஐபோன் 17 ப்ரோவில் வந்திருக்கும் Apple Log 2-க்கு நிறப்பரப்பு வேறு. பழைய லட்டை அதில் போட்டால் நிறங்கள் பிசகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வானம் பட்டையாக வந்தால் ஃபைலையே சோதித்துவிடுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் Bit depth என்ற வரி இருக்கும். அதில் 10 bits என்று இல்லாமல் 8 bits என்றிருந்தால், எடுத்த வீடியோ உங்கள் கைக்கு வரும் வழியில் எங்கோ மாற்றப்பட்டிருக்கிறது. நண்பர் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாரா, கேபிள் வழியே கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது ஐபோன் செட்டிங்கில் Keep Originals தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஃபைலில் 10 bits என்றே இருந்து, திரையில் மட்டும் பட்டை தெரிந்தால், அதே ஃபிரேமை வேறொரு மானிட்டரில் பாருங்கள். சில சமயம் பட்டை வீடியோவில் இருக்காது, மானிட்டரில்தான் இருக்கும்.