பாதத்திற்குத் தந்த மருந்து முகத்திற்கு ஆகுமா?

கோச்சடையில் வயல்வேலை செய்யும் ஒருவருக்கு உள்ளங்காலில் கரப்பான் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் 0.05 சதவீத குளோபெட்டசால் களிம்பு தருகிறார், குணமாகிறது. மீதியை அவருடைய மகள் முகக் கருமை போகும் என்று தினமும் தடவுகிறாள். இதனால் என்ன விளையும்?

தோலின் வெளிப்படலம் ஒரு தடுப்புச் சுவர். சுவர் தடித்திருந்தால் மருந்து மெதுவாக ஊடுருவும். மெலிந்திருந்தால் விரைவாக ஊடுருவும். 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்தனர். கதிரியக்கக் கார்பன் சேர்த்த ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல இடங்களில் தடவி, சிறுநீரில் வெளிவந்த அளவைக் கணக்கிட்டனர். முன்கையில் தடவியதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே சென்றது. அதை 1 எனக் கொண்டால் உள்ளங்காலுக்கு 0.14, நெற்றிக்கு 6, தாடைக்கு 13. ஆறை 0.14-ஆல் வகுத்துப் பாருங்கள்: நெற்றி, உள்ளங்காலைப்போல் சுமார் 43 மடங்கு உறிஞ்சுகிறது! மருந்துக்கு மருந்து இவ்வெண்கள் மாறலாம். ஆயினும் பாதத்தைவிட முகம் மிகுதியாக உறிஞ்சும் என்பது மாறாது.

அடுத்து, மருந்தின் வலிமை. ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 0.05 சதவீத குளோபெட்டசால் வலிமை குறைந்தது என்று தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. ஸ்டீராய்டுகள் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தடவிய இடம் வெளுக்கிறது. இந்த வெளுப்பைக் கொண்டு வலிமையை ஒப்பிடும் முறையை மெக்கன்சி, ஸ்டௌட்டன் இருவரும் 1962-இல் வெளியிட்டனர். அத்தகைய வரிசையில் குளோபெட்டசால் உச்சியிலும், ஹைட்ரோகார்ட்டிசோன் அடியிலும் நிற்கின்றன. எனவே சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மருந்தைச் சுமக்கும் பொருள். களிம்பு, வாசலின் போன்ற கொழுப்புப் பொருளால் ஆனது. அது தோலின்மேல் மூடிபோல் படிந்து, உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுக்கிறது. நீர் ஊறிய வெளிப்படலம் மருந்துக்கு எளிதில் வழிவிடுகிறது. கிரீமில் நீர் கலந்திருக்கிறது. தடவியபின் அது பெரிதும் ஆவியாகிவிடுவதால் மூடும் தன்மை குறைவு. ஆகவே ஒரே மருந்து, ஒரே சதவீதமானாலும், பெரும்பாலும் களிம்பே வலிமை மிக்கது. வறண்டு தடித்த பாதத்திற்கு அது ஏற்றது. நீர் கசியும் புண்ணுக்குக் கிரீம் வசதியானது.

இப்போது அந்த மகளைப் பார்ப்போம். வலிமை மிக்க மருந்து, மூடும் களிம்பு, மெல்லிய தோல் மூன்றும் அவள் முகத்தில் சேர்ந்துவிட்டன. முதலில் நிறம் வெளுத்ததுபோல் தெரியும். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலியும், சிவந்த நுண்குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தணிய மறுபடி தடவத் தோன்றும். இதுவே அடிமைப்படுதலின் அடையாளம். இந்நிலையில் தோல் மருத்துவரைக் காண வேண்டும்.

இந்திய மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவி வந்தவர்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றுள் சேர்த்தது. வீட்டில் மீந்திருக்கும் டியூபுக்கு அந்தச் சட்டம் காவல் நிற்காது. பாதத்திற்கு எழுதியது பாதத்திற்கு மட்டுமே.